கொட்டேஷனா, டெமோவா, ஒரு ஆர்டரின் டி.சி.யா? முதல் காலுக்குப் பிறகு போகும் மெயிலில் எதைக் கேட்பது

புது வாடிக்கையாளரின் தேவை என்ன என்று கேட்டறியும் முதல் போன் கால் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடுதான் முடியும்: "சரிங்க, எல்லாத்தையும் ஒரு மெயில்ல போட்டு வுடுங்க, பாத்துட்டுச் சொல்றோம்." இந்த 'எல்லாத்தையும்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ப்ரோஷர், விலை, கிளையன்ட் பட்டியல், வீடியோ லிங்க் அத்தனையையும் ஒரே மெயிலில் அடைத்து, கடைசியில் "எப்போது பேசலாம் என்று சொல்லவும்" என்று முடித்து அனுப்புவார்கள். மெயிலைத் திறக்கிறவருக்கு அடுத்து தான் செய்யவேண்டியது எது என்று தெரியாது. 'அப்புறம் பாக்கலாம்' என்று மூடி வைப்பார். அதோடு சரி.

அந்த மெயிலில் ஒரு கோரிக்கைக்குத்தான் இடம் உண்டு. எது அந்த ஒன்று என்பதில்தான் குழப்பம். வழக்கமாக முன்வைக்கப்படுவது நான்கு: விலை அனுப்புவது, டெமோ கேட்பது, நேரில் வருவதாகச் சொல்வது, ஓர் ஆர்டரின் டி.சி.களை, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான்களை, வாங்கி அவர்களுடைய கணக்கிலேயே ஒரு சின்ன சோதனை செய்து காட்டுவது. ஒரே கேஸை வைத்துப் பார்த்தால்தான் இவற்றின் வித்தியாசம் தெரியும் என்பதால், திருப்பூர் பனியன் தொழிலிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். யூனிட்டும் அதன் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. தொழில் நடைமுறையும் ஜிஎஸ்டி தேதிகளும் உள்ளபடி உள்ளவை.

காலில் என்ன பேசினார்கள்

விற்கிறவர் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. ஜாப் வொர்க்குக்குப் போகும் நூல், துணி எங்கே எத்தனை கிலோ இருக்கிறது என்று கணக்கு வைக்கும் மென்பொருள் அவர்களுடையது. வாங்கக்கூடியவர் திருப்பூரில் 70 மெஷின் ஓடும் ஓர் எக்ஸ்போர்ட் யூனிட். நூல் வாங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எல்லாம் வெளியே கொடுக்கிறார்கள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் உள்ளே. அண்ணன் தம்பி இருவர் நடத்துவது. 2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை காலை, புரொடக்‌ஷன் பார்க்கும் தம்பியோடு 35 நிமிடம் பேச்சு. பாதியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணும் லைனில் சேர்ந்தார்.

தம்பி சொன்னவற்றில் உருப்படியானவை இவை. 12 ஆர்டர் ஓடுகிறது. துணி ஆறு நிட்டிங்கிலும் மூன்று டையிங்கிலும் சிதறிக் கிடக்கிறது. எந்த ஆர்டருக்கு எங்கே எத்தனை கிலோ என்று தெரிய ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டுக் கேட்க அரை நாள் போகிறது. போன மாதம் முடிந்த ஓர் ஆர்டரில் 4,000 கிலோ துணி டையிங்குக்குப் போய், காம்பாக்டிங்கும் முடிந்து 3,640 கிலோவாகத் திரும்பியிருக்கிறது. பேசிய ப்ராசஸ் லாஸ் 6 சதவீதம், அதாவது 240 கிலோ. போனதோ 360 கிலோ, 9 சதவீதம். கூடுதலாகப் போன 120 கிலோவைக் கண்டுபிடித்தபோது டையிங் பில்லுக்குப் பணமே கொடுத்தாகிவிட்டது. அடுத்து, ஐடிசி-04. ஜாப் வொர்க்குக்கு அனுப்பியது, திரும்பியது எல்லாவற்றையும் ஜிஎஸ்டியில் காட்டும் படிவம் அது. ஆண்டு டர்னோவர் 5 கோடிக்கு மேல் இருப்பதால் அரையாண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்குக்குக் கடைசி நாள் அக்டோபர் 25.

இதற்கெல்லாம் நடுவில், கேட்காமலே ஒரு வாக்கியம் வந்தது: "ரெண்டு வருசம் முன்னாடி ஒரு சாஃப்ட்வேர் வாங்குனோம், ரெண்டு மாசம் எண்ட்ரி போட்டோம், அப்புறம் போட ஆளில்ல." கடைசியாக இன்னொன்று: "பணம் சம்பந்தப்பட்டதுன்னா அண்ணன் பாக்கணும்."

இந்த நான்கைந்து செய்திகளில் எதை மெயிலின் மையமாக வைப்பது என்பதைப் பொறுத்துத்தான் கோரிக்கை மாறும். 120 கிலோ கண்ணில் படும், ஐடிசி-04-க்குத் தேதி இருக்கிறது. இருந்தும் வாங்குவதைத் தடுக்கப்போவது அந்த எண்ட்ரி விஷயம்தான். இருவரும் வாய்விட்டு ஒத்துக்கொண்ட வலி ஒரு பக்கம், பாதி வாயில் சொன்ன சந்தேகம் மறுபக்கம். எந்த வழி அந்தச் சந்தேகத்துக்கு விடை தருகிறது என்பதே இங்கே அளவுகோல்.

கொட்டேஷன்

கேட்டதைக் கொடுத்தோம் என்ற நிம்மதி விற்கிறவருக்குக் கிடைக்கும். மெயில் அன்றே அண்ணனுக்கு ஃபார்வர்டும் ஆகும். காலில் இல்லாத அண்ணன் கண்ணுக்குத் தெரிவது ஒரு தொகையும், 'பயனர் 5 பேர் வரை' போன்ற நிபந்தனைகளும்தான். 4,000 கிலோ கதை அந்தத் தாளில் இல்லை. பழைய சாஃப்ட்வேருக்குக் கொடுத்து வீணான தொகை அவர் நினைவில் இருக்கும், அதனோடு வைத்துப் பார்ப்பார். அதற்கப்புறம் வருகிற பதில் 'கொறச்சுக் கொடுப்பீங்களா' என்பதாக இருக்கும், அல்லது பதிலே இருக்காது.

கொட்டேஷன் சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. ஏற்கெனவே இதே வகை மென்பொருளை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிடும் பர்ச்சேஸ் துறை உள்ள பெரிய மில்கள் போன்றவர்களுக்கு விலைதான் உண்மையான கேள்வி. அங்கே டெமோ, சோதனை என்று இழுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

நம் கேஸில் தம்பி காலிலேயே விலை கேட்டிருந்தால் மறைக்கவும் கூடாது. மெயிலில் ஒரே வரியில் தோராயமான வரம்பைச் சொல்லிவிடலாம்: இந்த அளவு யூனிட்டுக்கு ஆண்டுக்கு இத்தனையிலிருந்து இத்தனை வரை, ஜிஎஸ்டி தனி, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். அவ்வளவு போதும். கொட்டேஷனை இணைப்பாகப் போட்டால் படிக்கிறவர் முதலில் திறப்பது அதைத்தான். மேலே எழுதிய எதையும் படிக்கமாட்டார்.

டெமோ

எல்லோரும் கேட்பது இதைத்தான் என்பதாலேயே இதில் பிடிமானம் குறைவு. டெமோவில் ஓடுவது 'ஏபிசி கார்மென்ட்ஸ்' என்ற கற்பனைக் கம்பெனியின் கணக்கு. அதில் எந்த டி.சி.யிலும் லாட் நம்பர் விடுபட்டிருக்காது. எந்த டையிங்கும் இரண்டு ஆர்டர் துணியை ஒரே டி.சி.யில் போட்டு அனுப்பியிருக்காது. ஒவ்வொரு மெனுவாகத் திறந்து காட்டி ஒரு மணி நேரம் ஓடும். "நல்லாருக்குங்க, பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். பொய் இல்லை, நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் மனதில் 'இதையெல்லாம் நான்தானே அடிக்கணும்' என்ற கேள்வி அப்படியே இருக்கும். தம்பி மனதிலும்தான்.

மென்பொருள் என்றால் எப்படி இருக்கும் என்றே பார்த்திராதவர்களுக்கு டெமோ வேண்டும். இவர்கள் ஒன்றை வாங்கிக் கைவிட்டவர்கள். இன்னொரு திரையைக் காட்டுவது இவர்களுக்கு ஆறுதல் அல்ல, பழைய நினைவு.

ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பாருங்கள் என்பதும் இதே ரகம்தான். இரண்டு மாதத்தில் எண்ட்ரி நின்ற இடத்தில் ஒரு மாத இலவசம் கொடுத்தால் மூன்றாவது வாரத்தில் நிற்கும். அதற்குப் பிறகு அந்த வாசல் திறக்காது.

நேரில் போவது

கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். "நேர்ல வாங்க, பேசலாம்" என்பது அங்கே சாதாரண மரியாதை. போனால் மெயிலில் தெரியாத பல விஷயம் தெரியும். டி.சி. புத்தகத்தை கேட்டில் யார் எழுதுகிறார்கள், கார்பன் காப்பி எங்கே போகிறது, திரும்பி வரும் துணியை இவர்கள் தங்கள் எடை மெஷினில் மறுபடி போடுகிறார்களா அல்லது டையிங் எழுதி அனுப்பிய எடையை அப்படியே நம்பி எழுதிக்கொள்கிறார்களா என்பதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். அனுப்பும்போது ஓர் எடை மெஷின், வாங்கும்போது இன்னொன்று என்றால் அந்த 120 கிலோவில் ஒரு பகுதி மெஷின் வித்தியாசமாகவே இருக்கலாம். பருத்தித் துணி ஈரத்தை இழுக்கும் என்பதால், நன்றாகக் காயாமல் எடை போட்டாலும் கணக்கு மாறும். பயோவாஷ் செய்த துணியில் எடை இழப்பு இயல்பாகவே கூடும். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது.

இவ்வளவு பயன் இருந்தும், முதல் மெயிலில் கேட்பதற்கு இது ஏற்றதல்ல. வேலை எதுவும் குறிக்காமல் போனால் டீயோடு முடியும். நடுவில் ஷிப்மென்ட் போன் வந்து தம்பி எழுந்து போவார், அரை நாள் போய்விடும். டி.சி.களைப் போனில் படம் பிடித்து அனுப்ப யாருமே இல்லாத யூனிட்டாக இருந்தால் மட்டும் இதை முதல் படியாக வைக்கலாம். அப்போதும் "வந்து சந்திக்கிறோம்" என்று எழுதாமல், "ஓர் ஆர்டரின் டி.சி. புத்தகத்தை அக்கவுண்ட்ஸ் மேடத்தோடு 40 நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறோம்" என்று வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முடிந்த ஓர் ஆர்டரின் டி.சி.கள்

இந்த கேஸுக்கு இதுதான் சரி என்பது எங்கள் கணிப்பு. கேட்பது இவ்வளவே: அந்த 4,000 கிலோ ஆர்டருக்கு வெளியே போன, உள்ளே வந்த டி.சி.களைப் போனில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்வது. சுமார் 40 தாள் இருக்கும். பையர் பெயரும் ரேட்டும் மறைத்து அனுப்பலாம் என்று நாமே சொல்லிவிட வேண்டும். கேட்காமல் சொன்னால்தான் நம்பிக்கை வரும். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கு இது 20 நிமிட வேலை. எண்ட்ரி முழுவதையும் விற்கிறவர் தரப்பே போட்டுக்கொண்டு, குறித்த நாளில் அந்த ஆர்டரின் துணிக் கணக்கை அவர்களுக்குத் திரையில் காட்டும்.

முடிந்த ஆர்டரை ஏன் கேட்கிறோம்? விடை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால். நாம் போட்டுக் காட்டும் கணக்கில் 120 கிலோ வந்தால் அவர்களே தலையாட்டுவார்கள். வராவிட்டால் எங்கே விட்டுப்போயிற்று என்று உட்கார்ந்து தேடலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரை எடுத்தால் எண்கள் தினமும் மாறும். மீட்டிங் அன்று யார் சொல்வது சரி என்ற வாதத்திலேயே நேரம் போகும்.

ஒரே ஓர் ஆர்டர் என்பதிலும் பிடிவாதமாக இருக்க வேண்டும். "கடந்த ஆறு மாத டேட்டாவை எக்செலில் அனுப்புங்கள்" என்று கேட்டால் அந்த வேலை என்றைக்கும் ஆரம்பிக்காது.

அந்த எண்ட்ரி சந்தேகத்துக்கு இந்த வழியில்தான் எண் கிடைக்கிறது. 40 டி.சி.யையும் போடும்போது எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு டி.சி.க்கு 2 நிமிடம் என்று வந்தால் ஓர் ஆர்டருக்கு 80 நிமிடம். மாதம் நான்கு ஆர்டர் முடிகிறது என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குள். மீட்டிங்கில் கடைசி ஐந்து டி.சி.யை அக்கவுண்ட்ஸ் மேடத்தையே அடிக்கச் சொன்னால், முதல்முறை கைவைக்கிறவருக்கு எவ்வளவு ஆகிறது என்பதும் தெரிந்துவிடும். 2 நிமிடம் 5 நிமிடமாக மாறினால் அதையும் ஒளிக்க வேண்டியதில்லை. மாதம் 13 மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் அதற்கு ஆள் உண்டா என்பதைத்தான் அண்ணனும் தம்பியும் முடிவு செய்ய வேண்டும்.

இதிலும் சறுக்கல் உண்டு. உள்ளே வந்த டி.சி.யில் லாட் நம்பர் எழுதாமல் விட்டிருப்பார்கள். அனுப்பியது கிலோவில், வந்தது ரோல் எண்ணிக்கையில் என்று இருக்கும். இரண்டு ஆர்டர் துணியைச் சேர்த்து ஒரே டி.சி.யில் திருப்பியிருப்பார்கள். 40-இல் பத்துத் தாள் இப்படி இருந்தால் மென்பொருளில் கணக்கு சேராது. அதைப் பூசி மெழுகிச் சேர்த்துக் காட்டுவது பெரிய தவறு, ஏனென்றால் வாங்கிய பிறகு அதே பத்துத் தாள் ஒவ்வொரு மாதமும் வரும். "இந்தப் பத்து டி.சி.யில் இது இல்லை, டையிங்கிலிருந்தே எழுதி வாங்கினால்தான் கணக்கு நிற்கும்" என்று திரையில் காட்டினால், அந்த மீட்டிங்கிலேயே அவர்களுக்கு உபயோகமான ஒன்று கிடைத்துவிடும்.

எந்த நாள், எப்படிக் கேட்பது

"உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்கள்" என்பது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் வேலையை அவர் தலையில் கட்டுவது. கேலண்டர் லிங்க் அனுப்புவது ஐ.டி. கம்பெனிகளுக்குள் நடக்கும். ஃப்ளோரில் நின்றுகொண்டு போனில் மெயில் பார்க்கிறவர் அந்த லிங்கைத் திறந்து, கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மெயில் ஐடி அடிக்கமாட்டார். ஒரு நாள், ஒரு நேரம் சொல்லி, சரிப்படாவிட்டால் மாற்று ஒன்று கொடுத்தால் "சரி" என்ற ஒரே சொல்லில் பதில் போட முடியும்.

அந்த நாளைக் காலண்டரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 போடுகிற யூனிட்டுக்கு 11-ஆம் தேதி கடைசி நாள், 3பி-க்கு 20. இந்த இரண்டுக்கும் முந்தின நாட்களில் அக்கவுண்ட்ஸ் ஆள் கிடைக்கமாட்டார். சனிக்கிழமை சம்பள நாள். ஆக, செப்டம்பர் 9 கால் என்றால் டி.சி. படங்களை 12-ஆம் தேதி வெள்ளி மாலைக்குள் கேட்பது, மீட்டிங்கை 16-ஆம் தேதி செவ்வாய் காலை 11 மணிக்கு வைப்பது. மாற்று 17, அதே நேரம். அதற்கு மேல் தள்ளினால் 3பி. பிறகு மாதக் கடைசி ஷிப்மென்ட். அக்டோபரில் போனஸ் கணக்கு, 20-ஆம் தேதி தீபாவளி. ஊருக்குப் போனவர்கள் திரும்பும் முன்பே 25 வந்துவிடும். இந்தத் தேதிக் கணக்கை மெயிலில் ஒரு வரியாகச் சொல்லலாம், அது அவர்களுக்கே தெரிந்த உண்மை. "சலுகை இந்த வாரம் மட்டும்" என்ற அவசரத்தை விட இது நிற்கும்.

சுருக்கத்தை யார் சொற்களில் எழுதுவது

இங்கேயும் இரண்டு வழி. ஒன்று இப்படி இருக்கும்:

> உங்கள் நிறுவனத்தில் ஜாப் வொர்க் இன்வென்டரி விசிபிலிட்டி குறைவாக உள்ளதால் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேல் இழப்பு ஏற்படுகிறது. எங்கள் ரியல்-டைம் டிராக்கிங் மாட்யூல் இதைத் தீர்க்கும்.

தம்பி இதைச் சொல்லவே இல்லை. ஓர் ஆர்டரில் 120 கிலோ என்றார். கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 48,000. விற்கிறவர் அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்காக்கி, 'ஐந்து லட்சத்துக்கும் மேல்' என்று எழுதிவிட்டார். ஒவ்வொரு மாதமும் அப்படி நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் இதைப் படித்தால் தம்பியைக் கேட்பார்: "அஞ்சு லட்சமா போச்சு? எனக்குச் சொல்லவே இல்லையே?" தம்பிக்குத் தர்மசங்கடம். மெயில் அங்கேயே செத்தது.

இன்னொரு வழி, அவர் சொன்ன எண்ணை அவர் சொன்ன அளவிலேயே வைப்பது. "4,000 கிலோ போய் 3,640 கிலோ வந்தது. பேசியதை விட 120 கிலோ கூடுதல் லாஸ். பில் கொடுத்த பிறகுதான் தெரிந்தது." இதில் பணக் கணக்கே இல்லை, அண்ணனே மனதில் போட்டுக்கொள்வார். தாமே போட்ட கணக்கை யாரும் மறுக்கமாட்டார்கள். சந்தேகம் உள்ள இடத்தில் கேள்வியாகவே விடலாம்: 6 சதவீதம் என்பது காம்பாக்டிங்கையும் சேர்த்தா, டையிங்குக்கு மட்டுமா? காலில் இது தெளிவாகாமல் போயிருந்தால் மெயிலில் கேட்பது நல்லது. திருத்த வேண்டிய ஒரு வரி இருந்தால் பதில் எழுதுவது எளிது.

எழுதவே கூடாதவையும் உண்டு. அக்கவுண்ட்ஸ் பெண் லைனில் சேரும் முன், "அந்தப் பொண்ணு எண்ட்ரி போட லேட் பண்ணுதுங்க" என்று தம்பி சொல்லியிருக்கலாம். மெயிலின் சிசி-யில் அந்தப் பெண்ணும் இருப்பார். "எண்ட்ரி தாமதமாவது முக்கியப் பிரச்சனை" என்று எழுதினால், டி.சி. படம் எடுத்து அனுப்ப வேண்டியவரே முதல் எதிரி ஆகிவிடுவார். "ஆர்டர் முடிந்து துணிக் கணக்கு கையில் கிடைக்கப் பத்து நாள் ஆகிறது" என்று வேலையைப் பற்றி எழுதலாம், ஆளைப் பற்றி வேண்டாம். பழைய சாஃப்ட்வேர் பற்றி எழுதும்போதும் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் குறை எழுதாமல் இருப்பது நல்லது. அதை வாங்கியதே அண்ணனாக இருக்கலாம்.

மொழியைப் பொறுத்தவரை, பேச்சு தமிழில் நடந்திருந்தால் மெயிலும் தமிழில், தொழில் சொற்கள் அவர்கள் சொன்னபடியே. ஆங்கிலத்தில் எழுதினால் 'ப்ராசஸ் லாஸ்' என்பது ஏதோ ஆடிட்டர் நோட்டீஸ் போல மாறிவிடும். பையர்களோடு ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய மெர்ச்சண்டைசரோடு கால் நடந்திருந்தால் அது வேறு.

முழு மெயில்

கால் நடந்த அன்று மாலைக்குள் போக வேண்டும். அடுத்த நாள் காலை என்றால் ஃப்ளோரில் வேறு பத்துப் பிரச்சனை வந்திருக்கும். போன் திரையில் இரண்டு தடவை தள்ளினால் முடிகிற அளவுதான் நீளம்.

> பொருள்: 4,000 கிலோ ஆர்டரின் துணிக் கணக்கு – 16-ஆம் தேதி செவ்வாய், காலை 11 மணி
>
> வணக்கம் சார்,
>
> இன்று காலை பேசியதில் நாங்கள் புரிந்துகொண்டது இது. தவறு இருந்தால் திருத்துங்கள்.
>
> 12 ஆர்டரின் துணி ஆறு நிட்டிங், மூன்று டையிங்கில் இருக்கிறது. எங்கே எத்தனை கிலோ என்று தெரிய அரை நாள் போன் போட வேண்டியிருக்கிறது. போன மாதம் முடிந்த ஆர்டரில் 4,000 கிலோ போய் 3,640 கிலோ வந்தது. பேசிய 6 சதவீதத்தை விட 120 கிலோ கூடுதல் லாஸ், பில் கொடுத்த பிறகே தெரிந்தது. (6 சதவீதம் காம்பாக்டிங்கையும் சேர்த்துத்தானே?) ஐடிசி-04 அக்டோபர் 25-க்குள் போட வேண்டும், தீபாவளி 20-ஆம் தேதி.
>
> முன்பு வாங்கிய சாஃப்ட்வேரில் எண்ட்ரி போட ஆள் இல்லாமல் நின்றது என்றீர்கள். எங்களுடையதிலும் எண்ட்ரி போட்டே ஆக வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.
>
> அந்த 4,000 கிலோ ஆர்டரின் டி.சி.களை (போனது, வந்தது இரண்டும்) 12-ஆம் தேதி வெள்ளி மாலைக்குள் வாட்ஸாப்பில் படமாக அனுப்பச் சொல்லுங்கள். பையர் பெயர், ரேட் மறைத்து அனுப்பலாம். நாங்களே எண்ட்ரி போட்டு, 16-ஆம் தேதி காலை 11 மணிக்கு 40 நிமிடத்தில் கணக்கையும் ஆன நேரத்தையும் காட்டுகிறோம். நீங்களும் அக்கவுண்ட்ஸ் மேடமும் இருந்தால் போதும். அண்ணனுக்கு நேரம் இருந்தால் கடைசி 10 நிமிடம் சேரட்டும். இதற்குக் கட்டணம் இல்லை. முடிந்ததும் படங்களையும் எண்ட்ரியையும் அழித்துவிடுவோம்.
>
> 16 சரிப்படுமா? இல்லையென்றால் 17, அதே நேரம்.

கீழே பெயர், போன் நம்பர். இணைப்பு எதுவும் இல்லை. வெப்சைட் லிங்க்கூடக் கையெழுத்துப் பகுதியோடு நிற்கட்டும்.

"எங்களுடையதிலும் எண்ட்ரி போட்டே ஆக வேண்டும்" என்ற வரியை அனுப்பும் முன் சேல்ஸ் மேலாளர் வெட்டப் பார்ப்பார். வெட்டினால் இந்த மெயில் மற்ற டெமோ மெயில்களோடு ஒன்றாகிவிடும். அண்ணனைக் கடைசி 10 நிமிடத்துக்கு மட்டும் அழைப்பதிலும் காரணம் இருக்கிறது. முழு 40 நிமிடத்துக்கு அழைத்தால் அவருக்கு நேரம் கிடைக்கும் நாளைத் தேடி மீட்டிங் தள்ளிப்போகும். அழைக்காமலே விட்டால் 120 கிலோ கதையை அவர் தம்பி வாயிலாக அரைகுறையாகத்தான் கேட்பார்.

மெயில் போனதும் தம்பிக்கு வாட்ஸாப்பில் இரண்டே வரி: "சார், காலையில் பேசியதை மெயில் போட்டிருக்கிறோம். 4,000 கிலோ ஆர்டரின் டி.சி. படம் மட்டும் வெள்ளிக்குள் வேண்டும்." மெயிலை அப்படியே வாட்ஸாப்பில் ஒட்ட வேண்டாம். மெயில்தான் அண்ணனுக்குப் போகும், ஆடிட்டருக்குப் போகும், மூன்று மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். வாட்ஸாப் அதைத் திறக்க வைக்கும் கதவு மட்டும்.

பதிலைப் படிக்கும் விதம்

"ஓகே, பாக்கறோம்" என்று வந்தால் அது ஒப்புதல் இல்லை. டி.சி. படம் ஒன்றாவது வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளி மதியம் வரை வராவிட்டால் அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கு நேராகப் போன் போடாமல், தம்பியிடமே "40 தாளும் வேண்டாம், டையிங் டி.சி. மட்டும் அனுப்பினால்கூடப் போதும்" என்று கேட்பைச் சுருக்கலாம். 120 கிலோ போன இடம் அதுதானே. அதற்கும் வராவிட்டால் 16-ஆம் தேதி மீட்டிங்கை வெறுங்கையோடு நடத்தக் கூடாது, நடத்தினால் அது பழைய டெமோவேதான். செவ்வாய்க்கிழமையைக் கைவிட்டு, தீபாவளி முடிந்து ஐடிசி-04 போட்ட கையோடு ஒரு முறை போன் செய்து பார்ப்பது மேல். அந்த வாரம் டி.சி. எல்லாம் மேசை மேலேயே இருக்கும்.

"மொதல்ல வெல சொல்லுங்க" என்று பதில் வந்தால் வரம்பை ஒரு வரியில் கொடுத்துவிட்டு, "சரியான தொகை எத்தனை பேர் எண்ட்ரி போடப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது, அது 16-ஆம் தேதி தெரிந்துவிடும்" என்று அதே நாளுக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகும் விலையிலேயே நின்றால் முன்கூட்டிப் போட்ட கணிப்பு தவறு என்று அர்த்தம். அவர்களுக்கு எண்ட்ரி பிரச்சனை இல்லை, வேறு யாரிடமோ விலை வாங்கிவிட்டார்கள். அப்போது கொட்டேஷனை அனுப்பிவிடலாம்.

6 சதவீதக் கேள்விக்கு மட்டும் பதில் வந்து, "இல்லீங்க, டையிங்குக்கு மட்டும்தான் 6, காம்பாக்டிங்குக்கு தனியா 2" என்றிருந்தால் கணக்கே மாறுகிறது. 4,000-இல் 6 போக 3,760. அதில் 2 போக சுமார் 3,685 வந்திருக்க வேண்டும். வந்தது 3,640. கூடுதல் லாஸ் 120 அல்ல, 45 கிலோதான். மெயிலின் சுருக்கத்தைத் திருத்தி, அதே திரெட்டில் 45 என்று எழுதி மறுபடி அனுப்ப வேண்டும், நமக்குச் சாதகமான எண் போய்விட்டதே என்று தயங்காமல். 16-ஆம் தேதி திரையில் வரப்போவதும் அந்த 45-தான்.